சாரப்பலகை ஏன் விழுந்தது என்று தெரியாவிட்டாலும் வழக்கு நிற்குமா?

கேள்வி: அப்பா தெருவில் நடந்து போகும்போது, கட்டிக்கொண்டிருந்த நாலு மாடிக் கட்டடத்தின் சாரத்திலிருந்து ஒரு பலகை விழுந்து தோள் எலும்பு முறிந்துவிட்டது. எப்படி விழுந்தது என்று பார்த்தவர் யாரும் இல்லை. பில்டர் “காற்றில் விழுந்தது, எங்கள் தப்பு இல்லை” என்கிறார். ‘ரெஸ் இப்ஸா லாக்விட்டூர்’ என்று சொன்னாலே போதும், நிரூபிக்க வேண்டியது அவர்கள்தான், நாம் எதையும் நிரூபிக்க வேண்டாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்:

உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு பகுதி சரி. பலகை ஏன் விழுந்தது என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் வேறு சில விஷயங்களை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அவற்றை நிரூபித்த பிறகுதான் அந்த லத்தீன் வாக்கியம் உங்களுக்கு உதவிக்கு வரும். வந்த பிறகும், பில்டர் ஒழுங்கான சாட்சியத்தோடு பதில் சொல்லிவிட்டால் நீங்கள் தோற்க வாய்ப்பு உண்டு. நான் பல வருஷமாக உரிமையியல் வழக்குகள் நடத்துகிறேன். “சுமை மாறிவிட்டது” என்று நம்பிக்கொண்டு வாதியின் தரப்பில் ஒன்றுமே கொண்டுவராமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த வாக்கியம் சட்டத்துக்குள் வந்ததே உங்கள் அப்பாவுக்கு நடந்ததைப் போன்ற ஒரு சம்பவத்தால்தான். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தின் ஸ்காட்லாந்து ரோட்டில் பர்ன் என்பவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். போடில் என்ற மாவு வியாபாரியின் கடை மாடியிலிருந்து ஒரு மாவுப் பீப்பாய் அவர் மேல் விழுந்தது. அடிபட்டவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. பீப்பாய் விழுந்ததைப் பார்த்த சாட்சிகள் இருந்தார்கள். அது ஏன் நழுவியது, கயிறு அறுந்ததா, ஆள் கைவிட்டானா என்று சொல்ல யாரும் இல்லை. அலட்சியத்துக்கு ஆதாரம் இல்லை என்று கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 1863-இல் மேல் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி பொல்லாக் வேறுவிதமாகப் பார்த்தார். பீப்பாய் தானாக மாடியிலிருந்து உருண்டு வராது. அடிபட்ட வழிப்போக்கன் அந்தக் கிடங்கு ஆட்களையே சாட்சிக்கு அழைத்து அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும் என்பது பொருந்தாத பேச்சு. அலட்சியம் இல்லை என்று காட்டக்கூடிய உண்மைகள் ஏதாவது இருந்தால் அவற்றைச் சொல்ல வேண்டியவர் வியாபாரிதான் என்றார். பர்னுக்கு 50 பவுன் இழப்பீடு கிடைத்தது. அந்த விசாரணையில் பொல்லாக் பயன்படுத்திய லத்தீன் சொற்கள்தான் ‘ரெஸ் இப்ஸா லாக்விட்டூர்’, சம்பவமே பேசுகிறது என்று அர்த்தம்.

இரண்டு வருஷம் கழித்து, 1865-இல், லண்டன் துறைமுகத்தில் ஒரு சுங்க அதிகாரி மேல் ஆறு சர்க்கரை மூட்டைகள் விழுந்த வழக்கில் நீதிபதி எர்ல் இதை ஒரு அளவுகோலாகச் சொன்னார். இன்றைக்கும் இந்திய நீதிமன்றங்கள் அந்த அளவுகோலைத்தான் வைத்துப் பார்க்கின்றன. விபத்துக்குக் காரணமான பொருள் பிரதிவாதியின், அல்லது அவருடைய ஆட்களின் நிர்வாகத்தில் இருந்திருக்க வேண்டும். பொறுப்பில் இருப்பவர்கள் தக்க கவனத்தோடு இருந்தால் சாதாரணமாக நடக்காத மாதிரியான விபத்தாக அது இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்து, பிரதிவாதி விளக்கமும் தராவிட்டால், அது கவனக்குறைவால் நடந்தது என்று கொள்ள நியாயமான ஆதாரம் இருக்கிறது என்றார் அவர்.

“நியாயமான ஆதாரம்” என்றுதான் சொன்னார், “நிரூபணம்” என்று சொல்லவில்லை. நண்பர் சொன்னது எங்கே சறுக்குகிறது என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

சுமை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் உண்மையில் இரண்டு சுமைகள் இருக்கின்றன. ஒன்று, வழக்கு முழுவதற்குமான சுமை. எல்லாச் சாட்சியமும் முடிந்து நீதிபதி தராசைப் பார்க்கும்போது இரண்டு தட்டும் சமமாக நின்றால் யார் தோற்பது என்பதை இது முடிவு செய்கிறது. அலட்சிய வழக்கில் இது வாதியின் தலையில்தான் இருக்கிறது, கடைசிவரை அங்கேயே இருக்கிறது. இன்னொன்று, விசாரணை போகப்போக இங்கும் அங்கும் கைமாறும் சுமை: இப்போது இருக்கிற ஆதாரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதினால் தோற்கப்போகிறவர் எழுந்து ஏதாவது சாட்சியம் கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி. ‘ரெஸ் இப்ஸா’ மாற்றிவிடுவது இந்த இரண்டாவதைத்தான். தராசில் உங்கள் தட்டில் ஒரு எடைக்கல் வைக்கப்படுகிறது. எதிர்த்தட்டில் பில்டர் ஒன்றும் வைக்காவிட்டால் உங்கள் பக்கம் தாழ்ந்துவிடும், நீங்கள் ஜெயிப்பீர்கள். அவர் சமமான எடையை வைத்துவிட்டால் தராசு நேராகிவிடும். நேரானால் தோற்பது நீங்கள்.

நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே சில இடங்களில் “சுமை பிரதிவாதிக்கு மாறுகிறது” என்று பொதுப்படையாக எழுதியிருப்பார்கள். நண்பர் அதைப் படித்திருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தை மிகத் தெளிவாக அலசிய தீர்ப்பு என்று நான் நினைப்பது 1974-இல் நீதிபதி கே.கே. மாத்யூ எழுதிய ஷ்யாம் சுந்தர் எதிர் ராஜஸ்தான் மாநிலம். அந்த வழக்கின் விவரங்களைப் பார்த்தால் உங்கள் வழக்கில் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே புரியும்.

1952 மே மாதம். ராஜஸ்தானில் பஞ்ச நிவாரண வேலை நடந்துகொண்டிருந்தது. பொதுப்பணித் துறை ஊழியர் ஒருவர் அந்த வேலைக்காக பில்வாராவிலிருந்து பான்ஸ்வாடாவுக்குத் துறையின் லாரியிலேயே புறப்பட்டார். வழியெல்லாம் ரேடியேட்டர் சூடாகிக்கொண்டே இருந்தது. ஆறேழு மைலுக்கு ஒரு தடவை டிரைவர் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனார். சித்தோர்கட்டிலிருந்து பிரதாப்கட் வரை 70 மைல் போக 9 மணி நேரம் ஆனது. மறுநாள் பிரதாப்கட்டிலிருந்து கிளம்பி 4 மைல் போனதும் என்ஜினில் தீப்பிடித்தது. டிரைவர் எல்லோரையும் குதிக்கச் சொன்னார். அந்த ஊழியர் குதித்தபோது சாலையோரக் கல்லில் மோதி அங்கேயே இறந்துபோனார்.

அவருடைய குடும்பம் அரசின் மேல் வழக்குப் போட்டது. விசாரணை நீதிமன்றம் இழப்பீடு கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. லாரி தீப்பிடித்தது என்பதாலேயே டிரைவர் அலட்சியமாக இருந்தார் என்று ஆகிவிடாது, ரேடியேட்டர் சூடானது என்பதாலும் ஆகிவிடாது என்பது அவர்கள் வாதம். கேட்கும்போது அதுவும் நியாயமாகத்தான் தோன்றும்.

உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? லாரி டிரைவரின் பொறுப்பில் இருந்தது. நன்றாகப் பராமரித்த வாகனம் சாலையில் போகும்போது சாதாரணமாகத் தீப்பிடிக்காது. எப்படித் தீப்பிடித்தது என்பதற்குச் சாட்சியம் இல்லை. பிரதிவாதியான அரசும் எந்த விளக்கமும் கொடுக்கவில்லை. அந்த விஷயம் முழுக்க அரசுக்கு மட்டுமே தெரியக்கூடியது, இறந்தவரின் குடும்பத்தால் அதைப்பற்றி எந்தச் சாட்சியமும் கொண்டுவர முடியாது. ஆகவே இந்தக் கோட்பாடு பொருந்தும் என்று சொல்லி விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் திரும்ப நிலைநிறுத்தியது.

அதோடு மாத்யூ இன்னொன்றும் சொன்னார். ‘ரெஸ் இப்ஸா’ என்பது தனிச் சட்ட விதி இல்லை, சாட்சிய விதியும் இல்லை. சாட்சியத்தின் மேல் வைக்கும் ஒரு வாதத்துக்கான தலைப்பு, அவ்வளவுதான். வாதி ஒரு விளைவை மட்டும் நிரூபிக்கிறார். எந்தச் செயலால் அந்த விளைவு வந்தது என்று காட்டவில்லை. ஆனால் அவர் நிரூபித்த சூழ்நிலையோடு சேர்த்துப் பார்க்கும்போது, பிரதிவாதியின் அலட்சியத்தால் நடந்திருப்பதற்கே அதிக வாய்ப்பு என்று தோன்றினால், அப்போது கோட்பாடு பொருந்துகிறது என்கிறோம்.

“அவர் நிரூபித்த சூழ்நிலையோடு” என்பதைக் கவனியுங்கள். அந்தக் குடும்பம் “லாரி தீப்பிடித்தது” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரவில்லை. ஆறேழு மைலுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றியது, 70 மைலுக்கு 9 மணி நேரம் ஆனது, எந்த ஊரில் எப்போது கிளம்பியது என்று எல்லாமே பதிவில் இருந்தது. அந்த விவரங்கள்தான் “இது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு” என்ற எண்ணத்துக்கு எடை சேர்த்தன. நான் வாதிகளிடம் எப்போதும் சொல்வது இதுதான்: காரணம் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆனால் சூழ்நிலை உங்களுக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும்.

உங்கள் அப்பா விஷயத்தில் அந்தச் சூழ்நிலை என்பது இவைதான். பலகை அந்தக் கட்டடத்துச் சாரத்திலிருந்துதான் வந்தது. அந்த நேரத்தில் அங்கே வேலை நடந்ததா, அல்லது முந்தைய நாள் விட்டுப்போன சாரமா? பலகை எந்த அளவு, எவ்வளவு கனம்? கயிறோ கட்டுக்கம்பியோ கட்டிய தடம் அதில் இருந்ததா? சாரத்துக்கு வெளிப்புறம் வலை போட்டிருந்தார்களா? நடைபாதையை மறித்திருந்தார்களா, மேலே தடுப்புத் தட்டி இருந்ததா? அப்பா பொதுவழியில் நடந்தாரா, தடுப்பைத் தாண்டி உள்ளே போனாரா? பக்கத்துக் கடைக்காரர்கள் பலகை விழுந்ததைப் பார்த்திருக்கத் தேவையில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்து, பலகை கிடந்த இடத்தையும் மேலே வலை இல்லாததையும் பார்த்தவர்களே நல்ல சாட்சிகள். சம்பவத்தன்று யாராவது செல்போனில் எடுத்த படம் இருந்தால் இப்போதே வாங்கி வையுங்கள். மறுநாளே வலை கட்டிவிடுவார்கள், அதன்பின் எடுக்கும் படத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

அடுத்து, பொருள் யாருடைய பொறுப்பில் இருந்தது என்ற கேள்வி. உங்கள் வழக்கில் உண்மையான சிக்கல் இங்கேதான் வரும் என்று நினைக்கிறேன். பீப்பாய் வழக்கில் ஒரே கடைக்காரர். கட்டட வேலையில் அப்படி இல்லை. நிலத்தின் சொந்தக்காரர் ஒருவர், பில்டர் ஒருவர், சாரம் கட்டிக்கொடுத்தவர் ஒருவர், அன்றைக்கு மேலே நின்று பூச்சு வேலையோ பெயிண்டோ செய்தவர்கள் வேறு ஒரு காண்ட்ராக்டரின் ஆட்கள். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். ஒருவரை மட்டும் பிரதிவாதியாகப் போட்டால், “பலகை என் பொறுப்பில் இல்லை” என்ற ஒரே பதிலில் முதல் நிபந்தனையே விழுந்துவிடும். எனவே எல்லோரையும் சேர்த்துப் போடுங்கள். வேலை நடக்கும் இடம் முழுவதும் பில்டரின் மேற்பார்வையில் இருந்தது என்று காட்ட, அறிவிப்புப் பலகையில் இருக்கும் பெயர், கட்டட அனுமதி விவரம், மேஸ்திரிக்குக் கூலி கொடுத்தது யார் என்ற சாட்சியம், இவையெல்லாம் உதவும்.

சொந்தக்காரர் “நான் காண்ட்ராக்ட் விட்டுவிட்டேன், எனக்குச் சம்பந்தமில்லை” என்று நழுவப் பார்ப்பார். பொதுவாக, தனிப்பட்ட ஒப்பந்ததாரரின் தவறுக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பில்லை என்று ஒரு விதி உண்டு, அதில் விலக்குகளும் உண்டு. பொதுவழியை ஒட்டிய கட்டடத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் கடுமையாகவே பேசியிருக்கிறது. 1951-இல் டெல்லி சாந்தினி சௌக்கில், டவுன் ஹாலுக்கு எதிரே இருந்த மணிக்கூண்டு இடிந்து விழுந்தது; அதில் இறந்த மூன்று பேரின் குடும்பங்கள் வழக்குப் போட்டன. அது 80 வருஷப் பழையது. அந்த வகைச் சாந்தில் கட்டிய மேல்தளத்துக்கு ஆயுள் 40, 45 வருஷம்தான். இடிந்த பிறகு சாந்தைப் பார்த்தால் பிடிப்பே இல்லாமல் பொடியாக இருந்தது என்று பொறியாளர் சாட்சி சொன்னார். டெல்லி மாநகராட்சி எதிர் சுபாக்வந்தி என்ற இந்த வழக்கில் 1966-இல் தீர்ப்பு வந்தது. மணிக்கூண்டு முழுக்க மாநகராட்சியின் கட்டுப்பாட்டில் இருந்தது, அது விழுந்ததே அலட்சியத்தின் கதையைச் சொல்கிறது, பொதுவழியை ஒட்டிய கட்டடத்தை ஆபத்தில்லாமல் வைத்திருப்பது சொந்தக்காரரின் கடமை, குறை கண்ணுக்குத் தெரிந்ததா மறைந்திருந்ததா என்பது அவரைக் காப்பாற்றாது என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் வழக்கில் விழுந்தது கட்டடத்தின் பாகம் இல்லை, தற்காலிகச் சாரத்தின் பலகை. அதனால் அந்தத் தீர்ப்பு அப்படியே ஒட்டிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சொந்தக்காரரைப் பிரதிவாதியாக வைத்திருக்க அது நல்ல பிடி.

சரி, பில்டர் என்ன பதில் சொன்னால் தப்பிப்பார்? இதைத் தெரிந்துகொண்டால்தான் குறுக்கு விசாரணையில் எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரியும். அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, விபத்து எப்படி நடந்தது என்று விளக்கி, அதில் தன் அலட்சியம் இல்லை என்று காட்டுவது. ஹாங்காங்கிலிருந்து, லண்டனில் மேல்முறையீடு கேட்கும் மன்றமான பிரிவி கவுன்சிலுக்கு வந்து 1988-இல் தீர்ப்பான வழக்கு ஒன்று இதற்குச் சரியான உதாரணம். இரட்டைச் சாலையில் போன ஒரு சுற்றுலா பஸ் நடுத்தடுப்பைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், வந்துகொண்டிருந்த சிறிய பஸ் மேல் மோதியது. வாதிகள் பஸ் எதிர்ப்பக்கம் போனதை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். பஸ் டிரைவர் கூண்டேறி, அடையாளம் தெரியாத ஒரு கார் திடீரென்று குறுக்கே நுழைந்தது, மோதாமல் இருக்க பிரேக் போட்டுத் திருப்பியபோது பஸ் சறுக்கியது என்று சொன்னார். நீதிமன்றம் அதை நம்பியது. அந்த நொடி நெருக்கடியில் அவர் செய்தது அலட்சியம் இல்லை என்றது. லார்ட் கிரிஃபித்ஸ் அதில் திட்டவட்டமாகச் சொன்னார்: அலட்சியத்தை நிரூபிக்கும் சுமை வழக்கு முழுவதும் வாதியிடமே இருக்கிறது, பிரதிவாதி சாட்சியம் கொடுத்துவிட்டால் அந்தச் சாட்சியத்தை எடைபோட வேண்டும், சுமை மாறிவிட்டது என்ற பேச்சுக்கு இடமில்லை. வாதிகள் தோற்றார்கள்.

இரண்டாவது வழி, எப்படி நடந்தது என்று எனக்கும் தெரியாது, ஆனால் செய்ய வேண்டிய முன்னெச்சரிக்கை எல்லாம் செய்திருந்தேன் என்று காட்டுவது. இங்கிலாந்தில் 1958-இல் தீர்ப்பான வால்ஷ் எதிர் ஹோல்ஸ்ட் உங்கள் வழக்குக்கு மிகப் பக்கத்தில் வருகிறது. புதுப்பித்துக்கொண்டிருந்த கட்டடத்திலிருந்து ஒரு செங்கல் விழுந்து வழிப்போக்கர் ஒருவருக்கு அடிபட்டது. ‘ரெஸ் இப்ஸா’ பொருந்தும் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அப்புறம் ஒப்பந்ததாரர்கள் தாங்கள் போட்டிருந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சாட்சியத்தோடு காட்டினார்கள். செங்கல் அதையெல்லாம் தாண்டி எப்படி வெளியே வந்தது என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் நியாயமான கவனம் எடுத்தார்கள் என்று நீதிமன்றம் நம்பியதால் வழிப்போக்கர் தோற்றார். சம்பவம் பேசும் என்று சொன்ன பிறகும் வாதி தோற்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் பில்டரின் “காற்று” பதிலை இந்த இரண்டு வழிகளிலும் வைத்துப் பாருங்கள். முதல் வழியில் அவர் சொல்லும் விளக்கம் அலட்சியம் இல்லாத நிலையோடு பொருந்த வேண்டும். காற்று அடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மாடி உயரத்தில் இன்னும் பலமாக அடிக்கும். அதனால்தான் சாரப்பலகையை இரண்டு முனையிலும் கட்டுகிறார்கள். சாதாரணக் காற்றில் பலகை பறந்தது என்றால் அது கட்டாமல் கிடந்தது என்றுதான் அர்த்தம். அந்த விளக்கம் அவரையே குத்தும். யாரும் எதிர்பார்க்க முடியாத சூறாவளி அடித்தது என்றால் கதை வேறு. ஆனால் அதற்கான சாட்சியத்தை அவர்தான் கொண்டுவர வேண்டும். அன்றைய காற்றின் வேகத்தை வானிலை ஆய்வு மையத்திலிருந்து வாங்கலாம்; தமிழ்நாட்டுக்கு அது சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. அந்தத் தகவலை அவர் கொண்டுவருவார் என்று காத்திருக்காமல் நீங்களே முதலில் வாங்கிவிடுங்கள். காற்று சாதாரணமாக இருந்தது என்று வந்தால் அவருடைய பதில் அங்கேயே முடிந்தது.

இரண்டாவது வழியில் “நாங்கள் எப்போதும் பலகையைக் கட்டித்தான் வைப்போம்” என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அந்தச் சாரத்தைக் கட்டியது யார், கடைசியாகச் சோதித்தது யார், எந்தத் தேதியில், எங்கே எழுதி வைத்தார்கள், வலை வாங்கிய பில் எங்கே, மேஸ்திரி சாட்சிக் கூண்டுக்கு வருவாரா? வாகன வழக்குகளில் பிரேக் திடீரென்று பழுதானது என்று சொல்பவர்களிடமும் நீதிமன்றங்கள் இதையேதான் கேட்கின்றன. குறை மறைந்திருந்தது என்றால் போதாது, நியாயமான கவனத்தோடு பராமரித்திருந்தும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதையும் வண்டியின் உரிமையாளரே காட்ட வேண்டும். நடைமுறையில் சுமை பிரதிவாதி மேல் உட்காருவது இந்த இடத்தில்தான். சட்டப்படி பார்த்தால் அவர் எதையும் “நிரூபிக்க” வேண்டாம், தராசை நேராக்கினால் போதும். ஆனால் நேராக்கத் தேவையான எல்லாத் தாளும் எல்லா ஆளும் அவரிடமே இருக்கிறார்கள். அவற்றைக் கொண்டுவராமல் வாயால் மட்டும் சொல்பவரை நீதிபதி ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்பார்.

அந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஒருவருக்குத் தனிப்பட்ட முறையில் தெரிந்த உண்மையை நிரூபிக்கும் சுமை அவருடையதே என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது 109-ஆம் பிரிவு. கையில் இருக்கும் சாட்சியத்தை ஒருவர் கொண்டுவராவிட்டால் அது அவருக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று அனுமானிக்கலாம் என்பது பழைய 114-ஆம் பிரிவில் ஒரு உதாரணமாக இருந்தது, இப்போது 119-இல் இருக்கிறது. இந்த அனுமானம் தானாக வந்து விழாது. நீங்கள் கேட்டு, அவர் கொடுக்காமல் இருந்தால்தான் அதற்கு வலு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 11-இன் கீழ், சாரம் சோதித்த பதிவேடு, துணை ஒப்பந்தம், அன்றைய வேலையாட்கள் வருகைப் பதிவு எல்லாவற்றையும் தாக்கல் செய்யச் சொல்லி மனுப் போடுங்கள். எழுத்தில் கேள்விகள் அனுப்பிப் பிரமாண வாக்குமூலத்தில் பதில் வாங்கவும் அதே கட்டளையில் வழி இருக்கிறது. நம்மூரில் இதை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ‘ரெஸ் இப்ஸா’ வழக்கில் இதைவிட உதவியான கருவி இல்லை.

வழக்குரை எழுதும்போது ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. லத்தீன் வாக்கியத்தை மட்டும் எழுதி, அலட்சியம் என்ன என்று ஒன்றுமே சொல்லாமல் விடுவது ஒரு வகை. பலகை இன்ன கம்பி துருப்பிடித்து அறுந்ததால்தான் விழுந்தது என்று தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதி, அதை நிரூபிக்க முடியாமல் மாட்டிக்கொள்வது இன்னொரு வகை. இரண்டையும் சேர்த்து எழுதலாம். பலகை பிரதிவாதிகளின் பொறுப்பில் இருந்தது, கவனத்தோடு இருந்தால் அது சாதாரணமாக விழாது, விழுந்த காரணம் அவர்களுக்கே தெரியும் என்று முதலில் எழுதுங்கள். கூடவே, கண்ணுக்குத் தெரிந்த குறைகளான வலை இல்லாததையும் நடைபாதையை மறிக்காததையும் தனியாக எழுதுங்கள். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், விசாரணையின் நடுவில் உண்மையான காரணம் வெளியே வந்துவிட்டால் ‘ரெஸ் இப்ஸா’வுக்கு வேலை இல்லாமல் போய்விடும். இங்கிலாந்தில் 1950-இல் தீர்ப்பான பார்க்வே வழக்கில் பஸ்ஸின் டயர் வெடித்து விபத்து நடந்தது. வெடித்ததற்கான காரணம் விசாரணையில் தெரிந்துவிட்டது. டயர் வெளியிலிருந்து வாங்கிய ஒரு பலமான அடியில் உள்ளே சேதமாகியிருந்தது. காரணம் தெரிந்துவிட்டதால் இனி சம்பவம் பேச வேண்டியதில்லை, அந்தக் காரணத்தில் அலட்சியம் இருக்கிறதா என்று நேராகப் பார்க்க வேண்டும் என்றது அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை. அப்படிப் பார்த்தும் வாதியே ஜெயித்தார், ஏனென்றால் டயர் பலமாக அடி வாங்கினால் டிரைவர்கள் உடனே தெரிவிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை அந்த நிறுவனம் செய்திருக்கவில்லை. நாளைக்கு உங்கள் வழக்கில் ஒரு தொழிலாளி வந்து “நான்தான் பலகையை எட்டி உதைத்துவிட்டேன்” என்று சொல்லலாம். அப்போது நேரடி அலட்சியத்தை வைத்து நிற்க உங்கள் வழக்குரையில் இடம் இருக்க வேண்டும்.

போலீஸ் வழக்கும் பதிவாகியிருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குற்ற வழக்கில் இந்தக் கோட்பாட்டை அனுமானமாக வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. 1979-இல் சையத் அக்பர் எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகவே சொல்லியிருக்கிறது. அங்கே அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். உங்கள் உரிமையியல் வழக்கில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே கேள்வி. அதனால் குற்ற வழக்கில் மேஸ்திரி விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கைக் கைவிட வேண்டாம். முதல் தகவல் அறிக்கையில் சம்பவ இடம், நேரம், பலகை எங்கே கிடந்தது என்பதெல்லாம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், எதிர்த்தரப்பு முதலில் நோண்டுவது அங்கேதான்.

கடைசியாக, அந்தப் பலகை இப்போது எங்கே இருக்கிறது? போலீஸ் கைப்பற்றியிருந்தால் அதன் மகஜர் நகலை வாங்குங்கள். பில்டரிடமே இருந்தால், அதையும் சாரத்தையும் சம்பவத்தன்று இருந்த பதிவேடுகளையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.